மளிகை பில்லைப் பத்துப் பத்தாகக் கூட்டுவது எப்படி?

"தண்டையார்பேட்டையில் அப்பாவின் மளிகைக் கடையில் சாயங்காலம் நான்தான் கல்லாவில் உட்காருகிறேன். மாச லிஸ்ட் வந்தால் பன்னிரண்டு, பதினைந்து தொகை இருக்கும். கால்குலேட்டரில் தட்டினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. பத்துப் பத்தாகச் சேர்த்துக் கூட்டினால் சீக்கிரம் வரும் என்று பக்கத்துக் கடை அண்ணன் சொல்கிறார். எனக்கோ ஜோடி தேடுவதிலேயே நேரம் போய்விடுகிறது. எங்கே தப்பு செய்கிறேன், சார்?"

பெரும்பாலும் இரண்டு காரணங்களால்தான் அப்படி நேரம் போகும். ஒன்று, முழுத் தொகைக்கு முழுத் தொகை ஜோடி தேடுவது. இன்னொன்று, ஒரு எண்ணுக்கு ஜோடி கிடைக்கும்வரை பில்லின் கடைசி வரி வரைக்கும் கண்ணை ஓடவிடுவது.

முதலாவதற்கு வழி எளிது. 87 என்ற தொகைக்கு எந்தத் தொகை ஒத்துவரும் என்று யோசிக்காதீர்கள். கடைசி இலக்கமான 7-ஐ மட்டும் பாருங்கள், அதற்கு வேண்டியது ஒரு 3. ஒன்றுகளின் இடத்தை மேலிருந்து கீழே முடித்துவிட்டுப் பிறகு பத்துகளின் இடத்துக்கு வாருங்கள். அப்போது மனதில் இருக்க வேண்டிய ஜோடிகள் ஐந்தே ஐந்து: 1-9, 2-8, 3-7, 4-6, 5-5.

இரண்டாவதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ஜோடியை அடுத்த நான்கு வரிக்குள் மட்டும் தேடுங்கள். அதற்குள் இல்லையென்றால் அந்த எண்ணைத் தனியாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தனியாக நின்ற இரண்டு மூன்று எண்களைக் கடைசியில் கூட்டிக்கொள்ள ஒரு நொடிதான் ஆகும். ஒரு 2-க்காக பில் முழுவதையும் அலசுவதற்கு அதைவிட அதிக நேரம் ஆகும்.

ஒரு பில்லைப் போட்டே பார்த்துவிடுவோம். விலைகள் கணக்குக்காக நான் எழுதியவை.

துவரம்பருப்பு 156
உளுத்தம்பருப்பு 138
சர்க்கரை 92
கடலை எண்ணெய் 214
புளி 87
காய்ந்த மிளகாய் 68
தனியா 43
சீரகம் 45
கடுகு 19
ரவை 54
டீத்தூள் 135
துணி சோப்பு 76

முதலில் ஒன்றுகளின் இடம். துவரம்பருப்பின் 6-க்கு மூன்று வரி கீழே எண்ணெயின் 4 இருக்கிறது: ஒரு பத்து. உளுத்தம்பருப்பின் 8-க்கு அடுத்த வரியிலேயே சர்க்கரையின் 2: இரண்டாவது பத்து. புளியின் 7-ம் தனியாவின் 3-ம் மூன்றாவது. மிளகாயின் 8-க்குக் கீழே நான்கு வரியில் 2 இல்லை, விட்டுவிடுகிறோம். சீரகத்தின் 5, டீத்தூளின் 5 நான்காவது பத்து. கடுகின் 9-க்கும் ஜோடி இல்லை. ரவையின் 4-ம் சோப்பின் 6-ம் ஐந்தாவது. ஐந்து பத்து 50, தனியாக நின்ற 8-ம் 9-ம் 17, ஆக 67. கீழே 7 எழுதி, கையில் இருக்கும் 6-ஐப் பத்துகளின் வரிசைக்கு மேலே சின்னதாக எழுதிக்கொள்ளுங்கள்.

பத்துகளின் இடத்தில் அவ்வளவு சுலபமாக ஜோடி அமையவில்லை, உண்மையான பில்லிலும் அப்படித்தான் இருக்கும். மேலே எழுதிய 6, அடுத்த 5, அதற்கடுத்த 3 மூன்றுக்கும் பக்கத்தில் ஜோடி இல்லை. சர்க்கரையின் 9-ம் எண்ணெயின் 1-ம் ஒரு பத்து. புளியின் 8 தனி. மிளகாயின் 6-ம் தனியாவின் 4-ம் இன்னொரு பத்து. அடுத்து சீரகம், கடுகு, ரவை மூன்றிலும் 4, 1, 5 வரிசையாக நிற்கின்றன. மூன்றும் சேர்ந்தால் பத்து. இப்படி ஒட்டி நிற்கும் மூன்று எண்கள் கண்ணில் பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், தேடிப் போக வேண்டாம். கடைசியில் டீத்தூளின் 3-ம் சோப்பின் 7-ம். நான்கு பத்து 40, தனியாக நின்ற 6, 5, 3, 8 நான்கும் 22, மொத்தம் 62. 2 எழுதி 6 கையில். நூறுகளில் 1, 1, 2, 1 என்று 5, கையில் இருந்த 6-உடன் 11. பில் 1127 ரூபாய்.

சாதாரணமாகக் கூட்டும்போது தவறு நடப்பது பெரும்பாலும் பத்தைத் தாண்டும் இடத்தில்தான்: 38-உடன் 7, 45-உடன் 9 என்று ஓடும் கூட்டுத்தொகையை நினைவில் வைத்துக்கொண்டே அடுத்த எண்ணையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. நடுவில் ஒருவர் "அண்ணே, ஷாம்பு பாக்கெட் ரெண்டு" என்று கேட்டால் தொகை மறந்துபோகும். ஜோடி முறையில் சுமக்க வேண்டிய தொகை எதுவும் இல்லை, எத்தனை பத்து ஆயிற்று என்பது மட்டும்தான். அதையும் ஓரத்தில் கோடு போட்டு எண்ணிக்கொண்டால் யார் குறுக்கிட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

எடுத்துக்கொண்ட இலக்கத்துக்கு அடையாளம் வைப்பதில் கவனம் வேண்டும். எண்ணின் மேல் அடித்தால், வாங்குபவர் அந்தச் சரக்கை நீக்கிவிட்டதாக நினைப்பார். பக்கத்தில் புள்ளி வைத்தால் பைசாப் புள்ளி மாதிரி தெரியும். இலக்கத்துக்கு அடியில் சின்னச் சாய்கோடு போதும். கார்பன் வைத்து எழுதும் பில் புத்தகமாக இருந்தால் கடையில் தங்கும் நகலில் கோடு போட்டுக் கூட்டுங்கள், வாடிக்கையாளர் கைக்குப் போகும் தாள் சுத்தமாக இருக்கும். இந்தக் கோடுகளே ஒரு சோதனையும்கூட. நம் பில்லில் ஒன்றுகளின் இடத்தில் கோடு விழுந்தவை பத்து, விழாதவை இரண்டு, ஆகப் பன்னிரண்டு. சரக்கும் பன்னிரண்டு. ஒன்றும் விட்டுப்போகவில்லை, எதையும் இருமுறை எடுக்கவில்லை.

எல்லா பில்லுக்கும் இந்த முறை வேண்டியதில்லை. நாலைந்து தொகை என்றால் நேராகக் கூட்டுவதே வேகம். பாக்கெட் சரக்கு அதிகமுள்ள பில்லில் பெரும்பாலான தொகை 0-விலோ 5-லோ முடியும். அங்கே 5 எத்தனை என்று எண்ணுங்கள், இரண்டு 5-க்கு ஒரு பத்து.

சரிபார்க்கும்போது மறுபடி மேலிருந்து கூட்டாதீர்கள், கீழிருந்து மேலே போங்கள். ஜோடிகள் மாறிவிடும், அதனால் முதல் முறை செய்த தவறு அப்படியே திரும்ப வருவது அரிது. மேலிருந்து வந்தபோது மிளகாயின் 8 தனியாக நின்றது. கீழிருந்து போனால் அதற்கு மேலே மூன்றாவது வரியில் சர்க்கரையின் 2 கிடைக்கிறது, உளுத்தம்பருப்பின் 8 தனியாகிவிடுகிறது. கூட்டுத்தொகை அதே 67.

இரண்டு விடைகளும் ஒத்துவராவிட்டால் வித்தியாசத்தைப் பாருங்கள். 10 ரூபாய் என்றால் முதலில் ஒன்றுகளின் இடத்தில் ஒரு பத்தை எண்ணாமல் விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். 100 ரூபாய் என்றால் பத்துகளின் இடத்தில். 8 ரூபாய் போலச் சின்னத் தொகை என்றால், தனியாக நின்ற ஒரு 8-ஐச் சேர்க்கவில்லையா என்று பாருங்கள். ஒரு வகைத் தவறு மட்டும் இதில் அகப்படாது: ரவைக்கு 54-க்குப் பதில் 45 என்று எழுதியிருந்தால் மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே தவறான விடைதான் வரும். அதை எழுதும்போதுதான் பிடிக்க முடியும். சரக்கை எடுத்து வைக்கிறவர் தொகையைச் சொல்ல, நீங்கள் எழுதிவிட்டு அதைப் பார்த்துத் திருப்பிச் சொல்லுங்கள்.