செமினார் தேதியை மாற்றக் கேட்பது

"செவ்வாய்க்கிழமை என் செமினார். நேற்றிலிருந்து காய்ச்சல், தொண்டையும் கட்டிவிட்டது. அதே வாரம் வேறு நாள் தரச் சொல்லி சாரிடம் எப்படிக் கேட்பது?"

இன்று இரவே மெயில் அனுப்பிவிடுங்கள். அன்று காலையில் சொன்னால் அந்த நேரத்தை யாரை வைத்து நிரப்புவது என்பதுதான் அவருக்குத் தலைவலி. அதனால் முதலில் வெள்ளிக்கிழமை பேச இருப்பவரிடம் நாள் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். அவர் சரி என்றால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் இப்படி எழுதலாம்:

"ஐயா, நேற்றிலிருந்து காய்ச்சல், குரல் எழவில்லை. செவ்வாய்க்கிழமை என் செமினாரை வெள்ளிக்கிழமைக்கு மாற்றித் தர முடியுமா? அன்று பேசவிருந்தவர் செவ்வாய்க்கிழமை பேசச் சம்மதித்திருக்கிறார். ஸ்லைடுகளை இணைத்திருக்கிறேன்."

ஸ்லைடுகளைக் கட்டாயம் இணையுங்கள். தயாராகாததால் தள்ளிப்போடுகிறீர்களோ என்ற சந்தேகம் அதிலேயே போய்விடும். நோயைப் பற்றி ஒரு வரி போதும். மருத்துவச் சான்று கேட்டால் கொடுங்கள்.

யாரும் மாற்றிக்கொள்ளவில்லை என்றால் வியாழன், வெள்ளி இரண்டையும் சொல்லி அவரையே தேர்ந்தெடுக்க விடுங்கள். புதன்கிழமை மட்டும் கேட்காதீர்கள். ஒரே நாளில் குரல் திரும்பாமல் போனால், இரண்டாவது முறை கேட்பது ரொம்பக் கஷ்டம்.