எண்டோஸ்போர் சாயமிடலில் எல்லாமே சிவப்பாக வருவது ஏன்?

கேள்வி: மாலகைட் பச்சை போட்ட பிறகு வெறும் தண்ணீரில்தானே கழுவுகிறோம்? பாக்டீரியா செல்லுக்குள் உருவாகும் வித்தான எண்டோஸ்போர் மட்டும் எப்படிப் பச்சையாக நிற்கிறது? என் ஸ்லைடில் எல்லாமே சிவப்பாக இருக்கிறதே?

இந்த முறையில் நிறம் நீக்கும் வேலையைத் தண்ணீரே செய்கிறது. மாலகைட் பச்சை நீரில் கரையும் சாயம். செல்லின் பொருள்களோடு அதற்கு உறுதியான பிடிப்பு கிடையாது. அதனால் சாதாரணச் செல்லுக்குள் எளிதாக நுழையும் சாயம், கழுவும்போது அதே எளிமையோடு வெளியேறிவிடுகிறது. வித்தைச் சுற்றியோ பல அடுக்குப் புரத உறையும், அதற்குள் தடித்த பெப்டிடோகிளைக்கான் புறணியும் இருக்கின்றன. ஆவியின் சூட்டில்தான் சாயம் அவற்றைக் கடந்து உள்ளே செல்கிறது. ஆறிய பின் அதே உறைகள் அதை வெளியே விடுவதில்லை. அடுத்து வரும் சிவப்புச் சாயமான சாஃப்ரனினைச் சூடில்லாமல் இடுவதால், அது வித்துக்குள் புகாமல், பச்சை நீங்கிய செல்லை மட்டும் சிவப்பாக்குகிறது.

1933இல் ஷேஃபரும் ஃபுல்டனும் வெளியிட்ட இந்த முறையைப் பாசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவில் நான் செய்யும் விதம் இது. சூட்டில் நிலைநிறுத்திய பூச்சின் மேல் ஒற்றுத்தாள் துண்டை வைத்து, 5 சதவீத மாலகைட் பச்சையால் நனைத்து, கொதிக்கும் நீரின் ஆவியில் 5 நிமிடம் வைப்பேன். தாள் காயத் தொடங்கும்போதெல்லாம் சாயத்தைச் சொட்டுவேன். ஸ்லைடு ஆறிய பிறகே கழுவ வேண்டும், ஏனெனில் சூடான கண்ணாடி குளிர்ந்த நீரில் விரிசல் விடும். வடியும் நீரில் பச்சை தெரியாமல் போகும் வரை கழுவிவிட்டு, சாஃப்ரனினை ஒரு நிமிடம் வைத்து மீண்டும் கழுவுவேன்.

உங்கள் ஸ்லைடை எண்ணெய் அமிழ்வு லென்ஸில், 1000 மடங்கில், மறுபடியும் பாருங்கள். சிவப்பான கோல் வடிவச் செல்களுக்குள் நிறமற்ற முட்டை வடிவ இடைவெளிகள் தெரிந்தால், பெரும்பாலும் வித்து இருந்தும் சாயம் உள்ளே போகவில்லை என்று பொருள்; சூடு போதவில்லை. ஒருமுறை என் ஸ்லைடில் இப்படித்தான் கோலுக்குக் கோல் ஒரு வெற்றிடம் தெரிந்தது. நீர் கொதிக்கும் முன்பே நான் நேரத்தை எண்ணத் தொடங்கியிருந்தேன். அதே வளர்ப்பிலிருந்து புதிய பூச்சு எடுத்து, ஆவி நன்றாக எழுந்த பிறகு 5 நிமிடம் வைத்ததும், இளஞ்சிவப்புக் கோலின் நடுவில், அதைப் புடைக்கச் செய்யாமல், பளிச்சென்ற பச்சை வித்து தெரிந்தது.

இடைவெளியே இல்லாமல் கோல் முழுவதும் ஒரே சிவப்பாக இருந்தால், குறை சாயத்தில் இருக்க வாய்ப்பில்லை. வளர்ப்பு இளமையானது; ஊட்டம் குறையத் தொடங்கிய பிறகே பாசில்லஸ் வித்து உண்டாக்கும். ஒரே தட்டிலிருந்து 24, 48, 72 மணி நேரத்தில் பூச்சு எடுத்துப் பாருங்கள். மிகவும் முதிர்ந்துவிட்டால் தாய்ச்செல் சிதைந்து, வித்துகள் தனிப் பச்சைப் புள்ளிகளாக மட்டும் கிடக்கும். செல்லுக்குள் இருக்கும் வித்தைக் காண இடைப்பட்ட நாளின் வளர்ப்பே ஏற்றது.