ஒரு கட்டம் தள்ளி விழுந்த எண்: ஃபென்விக் மரம் பற்றிய கேள்வி பதில்

கல்லூரி மாணவி: ஐயா, வீச்சுக் கூட்டுத்தொகைக்கு ஃபென்விக் மரம் எழுதினேன். கட்டி முடித்ததும் எல்லா விடைகளும் சரி. ஓர் எண்ணைப் புதுப்பித்த பிறகு மொத்தம் சரியாக வருகிறது, சில வீச்சுகள் மட்டும் தவறுகின்றன. எங்கே பார்ப்பது?

பதில்: மொத்தம் சரி, நடுவில் தவறு என்றால் முதலில் புதுப்பிக்கும் செயற்கூற்றைத் திறந்து பாருங்கள் அம்மா. அநேகமாக இப்படி இருக்கும்:

```python
def add(i, x):
    while i <= n:
        t[i] += x
        i += i & -i
```

வரிகளில் பிழையில்லை. உள்ளே வரும் `i` எங்கிருந்து எண்ணப்பட்டது என்பதில்தான் சிக்கல். உங்கள் அணி 0-இல் தொடங்குகிறது, மரம் 1-இல் தொடங்குகிறது. ஓர் உதாரணத்தைக் கையால் போட்டுப் பார்ப்போம். அணி 5, 3, 7, 2, 6, 1, 4, 8. மரத்தின் 1 முதல் 8 வரையுள்ள கட்டங்களில் 5, 8, 7, 17, 6, 7, 4, 36 இருக்கும். நான்காம் கட்டம் முதல் நான்கு எண்களின் கூட்டல், எட்டாவது அனைத்தின் கூட்டல், மூன்றாவது 7 மட்டும்.

இப்போது `a[3]`-இல் உள்ள 2-உடன் 10 கூட்ட வேண்டும். மரத்தில் அதன் இடம் 4. சரியான பாதை 4, 8. நீங்கள் 3-ஐ அப்படியே கொடுத்தால் பாதை 3, 4, 8 ஆகிவிடும். நான்காம் கட்டம் 27, எட்டாம் கட்டம் 46. இரண்டும் சரியான மதிப்புகளே! கூடுதலாகக் கெட்டது மூன்றாம் கட்டம் ஒன்றுதான், 7 இருந்த இடத்தில் 17. எனவே முதல் மூன்று எண்களின் கூட்டல் 15-க்குப் பதில் 25 என்று வரும். முதல் நான்கு, ஐந்து, எட்டு என எதைக் கேட்டாலும் சரியான விடை வரும். பத்து ரூபாயைப் பக்கத்து வீட்டுக் கதவில் கொடுத்ததுபோல. தெருவின் கணக்கு மாறாது, இரு வீடுகளுக்கும் நடுவே கோடு போட்டுக் கேட்டால்தான் தெரியும். `a[2]`, `a[3]` இரண்டில் ஒன்றை மட்டும் சேர்க்கும் வீச்சுகளே உங்களுக்குத் தவறியிருக்கும். சரிபார்த்துச் சொல்லுங்கள்.

திருத்தம் ஒரே வரி, சுழலுக்கு முன் `i += 1`. சுழலுக்குள்ளே போட்டுவிடாதீர்கள். உள்ளே போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் இடம் நகர்ந்து பாதையே வேறாகிவிடும்.

அதே மாணவி: `a[2]` மட்டும் கேட்டேன், 17 வந்தது. `a[3]` இன்னும் 2 தான். ஆனால் கட்டும்போது ஏன் தவறவில்லை?

பதில்: நீங்கள் மரத்தை `add` வழியாகக் கட்டவில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. 1 முதல் n வரை சென்று `a[i-1]`-ஐச் சேர்த்து, அந்தக் கட்டத்தை அடுத்த மேல் கட்டத்துக்குத் தள்ளும் நேரடி முறையில் கட்டியிருப்பீர்கள். அங்கே அந்த `-1` சரியாக இருக்கிறது. `add` தனியாக எழுதப்பட்டதால் அதற்கு இந்த நகர்வு போய்ச் சேரவில்லை. `add`-ஐ n முறை அழைத்துக் கட்டியிருந்தால் முதல் எண்ணிலேயே நிரல் உறைந்து நின்றிருக்கும், பிழையும் அன்றே பிடிபட்டிருக்கும்.

பள்ளி மாணவர்: எனக்கு அப்படித்தான் நின்றது அண்ணா! `i` 0 ஆனால் `0 & -0` என்பது 0, அதனால் நகரவே இல்லை. `if i == 0: i = 1` என்று போட்டேன், ஓடுகிறது. சரிதானே?

பதில்: காரணத்தைச் சரியாகப் பிடித்துவிட்டாய் தம்பி, மருந்துதான் தவறு. இப்போது `a[0]`-உம் `a[1]`-உம் ஒரே கட்டத்துக்குப் போகின்றன, `a[2]` இரண்டாம் கட்டத்துக்குப் போகிறது. முதல் எண் தற்செயலாகச் சரி, மற்ற ஏழும் ஒரு கட்டம் இடதுபுறம். உறைந்து நின்ற நிரல் உனக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை அடக்கிவிட்டாய். அந்த வரியை எடுத்துவிட்டு `i += 1` போடு.

போட்டி நிரலாக்கம் செய்பவர்: இதற்கு இவ்வளவு பேச்சு தேவையில்லை. புதுப்பிப்பு, கூட்டல் இரண்டிலும் நகர்வு இல்லாமல் விட்டால் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும்.

பதில்: பாதி உண்மை. இரண்டும் ஒரே எண்ணைப் பேசினால் 1 முதல் உள்ள இடங்களுக்கு விடை சரியாகவே வரும். ஆனால் 0 எங்கே போகும்? புதுப்பிப்பில் உறையும், கூட்டலில் `while i > 0` என்பதால் படிக்கப்படவே மாட்டாது. உள்ளீடு 1-இல் தொடங்குவதாக உறுதியிருந்தால் நீங்கள் சொல்வது போதும்.

கடைக் கணக்கு மென்பொருள் எழுதுபவர்: என் கதை வேறு. நாள் எண் 1 முதல் 365. தினசரி விற்பனையைச் சேர்க்கிறேன். ஜனவரி மொத்தம் எப்போதும் கொஞ்சம் குறைகிறது, டிசம்பர் 31 விற்பனை எங்குமே இல்லை. பிழைச் செய்தியும் வரவில்லை.

பதில்: உங்களுடையது இதே நோயின் மறுபுறம். நாள் எண் ஏற்கெனவே 1-இல் தொடங்குகிறது, `add` உள்ளே மேலும் ஒன்று கூட்டுகிறது, கூட்டுத்தொகை கேட்கும் செயற்கூறு அந்த ஒன்றைக் கூட்டவில்லை. 31-ஆம் நாளின் விற்பனை 32-இல் விழுகிறது, அதாவது பிப்ரவரி 1-இல். ஜனவரி அந்த ஒரு நாளை இழக்கிறது. ஜனவரி 30-உம் 31-இல் விழுகிறதே என்று கேட்பீர்கள். அது மாதத்துக்குள்ளேயே இருப்பதால் மாத மொத்தத்தில் தெரியாது. 365-ஆம் நாள் 366 ஆகிறது, `366 <= 365` பொய், சுழல் ஒரு முறைகூட ஓடாமல் பணம் மறைகிறது. இடதுபுறம் நகர்ந்தால் மொத்தம் தப்பும். வலதுபுறம் நகர்ந்தால் கடைசி இடம் காணாமல் போகும். பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய கணக்கிலும் இதே இழப்பு நடந்தது. மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்ததால் கடைசி நாளில் எதுவும் பதியாத வரை எனக்குத் தெரியவே இல்லை.

இன்னொருவர்: எனக்கும் நகர்வுப் பிழைதான். `a[3]`-ஐ 12 ஆக மாற்ற `add(3, 12)` என்றேன், 14 வருகிறது. `i += 1` இருக்கிறது.

பதில்: நகர்வு சரியாகவே இருக்கிறது. `add` கூட்டும், எழுதாது. பழையது 2, அதன்மேல் 12 விழுந்தால் 14. புதியதிலிருந்து பழையதைக் கழித்த 10-ஐக் கொடுங்கள். பழைய மதிப்புக்காக மூல அணியையும் பக்கத்தில் வைத்துப் புதுப்பித்துக்கொண்டே வாருங்கள்.

போட்டி நிரலாக்கம் செய்பவர்: 0-இல் தொடங்கும் வடிவம் ஒன்று உண்டே, `i | (i + 1)` என்று ஏறுவது. அதை எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பதில்: உண்டு, சரியாகவும் வேலை செய்யும். இறங்க `(i & (i + 1)) - 1`. ஒன்றின் ஏற்றத்தையும் மற்றதன் இறக்கத்தையும் கலந்துவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது வெளியே 0, உள்ளே 1. அட்கோடர் நூலகமும் அப்படித்தான், வாங்கியவுடன் ஒன்று கூட்டிக்கொள்ளும். அங்கே `sum(l, r)`-இல் r சேராது. r சேர வேண்டுமா, கூடாதா என்பதில் எனக்கும் என்னோடு வேலை செய்பவர்களுக்கும் இன்றுவரை ஒத்துவரவில்லை.

கல்லூரி மாணவி: திருத்தியது சரிதான் என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: எட்டுக் கட்டமுள்ள வெற்று மரத்தை எடுத்து, ஓர் இடத்தில் மட்டும் 1 சேருங்கள். பிறகு ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியாக, l-உம் r-உம் ஒன்றாக வைத்துக் கேளுங்கள். இங்கே `reset` எல்லாக் கட்டங்களையும் 0 ஆக்குவது, `rsum(l, r)` r-உம் சேர்ந்த வீச்சுக் கூட்டல்:

```python
for p in range(8):
    reset(); add(p, 1)
    print(p, [rsum(q, q) for q in range(8)])
```

p-ஆம் வரியில் p-ஆம் இடத்தில் மட்டும் 1 இருக்க வேண்டும். 1-கள் மேல் இடப்பக்க மூலையிலிருந்து கீழ் வலப்பக்க மூலைக்குச் சாய்வாக இறங்கும். அந்தச் சாய்கோடு இடப்பக்கம் நகர்ந்தாலோ, கடைசி வரி முழுவதும் 0 ஆனாலோ, முதல் வரியே அச்சாகாமல் நின்றாலோ பிழை எந்தப் பக்கம் என்று உடனே தெரிந்துவிடும்.