உகரச் சுட்டும் ஆங்கிலத்தின் ‘தி’யும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பள்ளி மாணவர்களுக்கு வீட்டில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ‘திஸ்’ என்றால் இ, ‘தட்’ என்றால் அ, ‘தி’ என்றால் கண்ணுக்குத் தெரியாததைச் சுட்டும் உ என்று கற்பித்தேன். மூன்றுக்கு மூன்று அழகாகப் பொருந்தியது. ஆனால் மொழிபெயர்க்கச் சொன்னால் ‘தி’ வரும் இடமெல்லாம் பிள்ளைகள் ‘அந்த’ என்று எழுதுகிறார்கள். பிழை என்னுடையதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் இரண்டு இணைகளில் குறையில்லை. மூன்றாவதுதான் உங்களை இழுத்துவிட்டது. ‘அ இ உ அம்மூன்றும் சுட்டு’ என்று தொல்காப்பியம் சொல்கிறது. எது அருகு, எது தொலைவு என்று அந்த நூற்பா பிரித்துச் சொல்லவில்லை. உகரத்துக்கு இடைமை என்றும், பின்புறம் என்றும், காணாமை என்றும் நாம் கூறும் பொருள்களெல்லாம் வழக்கிலிருந்து எடுத்தவையே.

அந்த வழக்கைக் குறளிலேயே பார்க்கலாம். ‘ஊழையும் உப்பக்கம் காண்பர்’ என்னும் இடத்தில் உப்பக்கம் என்பது முதுகுப்புறம். எதிரே நிற்பவர் கண்ணுக்குப் படாத பக்கம். ‘காணாததைச் சுட்டும் உ’ என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் ‘உவக்காண்எம் காதலர் செல்வார் இவக்காண்என் மேனி பசப்பூர் வது’ என்னும் குறளில் தலைவி, ‘அதோ பார், போகிறார், இதோ பார், என் மேனியில் பசலை’ என்கிறாள். காணாததைப் பார் என்று எவரும் சொல்வதில்லை. இங்கே உகரம், தன் மேனியைவிடத் தொலைவிலும், இன்னும் பார்வைக்கு எட்டும் இடத்திலும் உள்ளவரையே சுட்டுகிறது. தமிழகத்துப் பேச்சிலிருந்து ஏறத்தாழ மறைந்துபோன இந்தச் சுட்டு, யாழ்ப்பாணத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. எதிரே இருப்பவர் கையில் வைத்திருக்கும் பொருளைப் பார்த்து அங்கே ‘உது என்ன?’ என்று கேட்பார்கள். அவர் அப்போதுதான் சொன்ன பேச்சையும் ‘உது’ என்றே குறிப்பார்கள். கையில் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, பேச்சு தெரிவதில்லை, இரண்டும் கேட்பவர் பக்கத்தில் உள்ளவை.

ஆக, உகரம் எங்கே வந்தாலும் ஓர் இடத்தை நோக்கி விரல் நீட்டுகிறது. ‘தி’ விரல் நீட்டுவதே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அதுவும் ‘தட்’டும் ஒரே சுட்டுச்சொல்லின் வெவ்வேறு வடிவங்களாக இருந்தவைதாம், பிறகு ‘தி’ சுட்டும் வேலையை விட்டுவிட்டு, ‘நான் எதைச் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும்’ என்று கேட்பவருக்கு உணர்த்தும் வேலையை ஏற்றுக்கொண்டது. பொருள் எதிரில் இருந்தாலும் மறைந்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை. இன்னொரு வேறுபாட்டையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்: உகரத்துக்கு உது, உவன் என்று தனித்து நிற்கும் வடிவங்கள் உண்டு, ‘தி’க்கு அப்படி எதுவுமில்லை, பின்னால் ஒரு பெயர் வந்தே தீர வேண்டும்.

அப்படியென்றால் அந்த வேலையைத் தமிழில் யார் செய்கிறார்கள்? பெரும்பாலும் யாருமில்லை. ‘பஸ் வந்துவிட்டது’ என்றால், நாம் காத்திருந்த பஸ் என்று கேட்பவருக்கு விளங்கிவிடுகிறது. செயப்படுபொருளில் மட்டும் இரண்டாம் வேற்றுமை உருபு கொஞ்சம் கைகொடுக்கிறது. ‘தண்ணீர் குடித்தான்’ என்பதில் ஏதோ தண்ணீர். ‘தண்ணீரைக் குடித்தான்’ என்றால் முன்பே பேச்சில் வந்த தண்ணீர், குவளையில் எடுத்து வைத்திருந்தது. ‘பெண் பார்க்கப் போனார்கள்’ என்பதற்கும் ‘பெண்ணைப் பார்க்கப் போனார்கள்’ என்பதற்கும் உள்ள தூரம் கல்யாண வயதில் பிள்ளை இருக்கும் எந்த வீட்டுக்கும் தெரியும். ஆனாலும் ஐயுருபை ‘தி’க்கு ஈடாக்கிப் புதிதாக ஒரு வாய்பாடு செய்துவிடாதீர்கள். ‘ஒரு டாக்டரைப் பார்த்தேன்’ என்பதில் டாக்டர் யாரென்று கேட்பவருக்குத் தெரியாது. உயர்திணை என்பதால் உருபு வந்து நிற்கிறது.

பிள்ளைகள் எழுதும் ‘அந்த’ எல்லா இடத்திலும் பிழையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘ஓர் ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு மூன்று மகள்கள்’ என்று நாமே கதை சொல்கிறோம். முன்னே சொன்னதைத் திரும்ப எடுக்கும்போது ‘அந்த’ இயல்பாகப் பொருந்துகிறது. சூரியனுக்கு முன்னும் சமையலறைக்கு முன்னும் வரும்போதுதான் உறுத்துகிறது. ‘அந்தச் சூரியன் உதித்தது’ என்று படித்தால், இன்னொரு சூரியன் எங்கே என்று தேடத் தோன்றும்.

வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். ஒரே கதவுள்ள அறையில் ஒரு பிள்ளையிடம் ‘கதவைச் சாத்து’ என்று சொல்லுங்கள். எழுந்து போய்ச் சாத்திவிடும். அடுத்த பிள்ளையிடம் ‘அந்தக் கதவைச் சாத்து’ என்று சொல்லுங்கள். அது ஒரு கணம் தயங்கி உங்கள் கையைப் பார்க்கும். ஆங்கிலத்தில் ‘தி டோர்’ என்பது முதல் வாக்கியம், ‘தட் டோர்’ என்பது இரண்டாவது.

அன்புடன்.