குன்னூர் மினி பஸ்: நேரம் பிடிப்பது எப்படி?

"குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து சிம்ஸ் பார்க் பக்கம் தினமும் வேலைக்குப் போகிறேன். மினி பஸ் நேரம் எங்கும் எழுதியில்லை. 9 மணிக்குள் எப்படிப் போவது?"

மினி பஸ்ஸுக்கு நேரம் உண்டுங்க, அது கண்டக்டர் தலையில் இருக்கிறது. ஒரே வண்டிதான் போய்ப் போய்த் திரும்பும். அதனால் "அடுத்த பஸ் எப்போது?" என்று கேட்காதீர்கள், "இந்த வண்டி திரும்ப இங்கே எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். போக 25 நிமிடம், வர 25, நடுவில் டீக்கு 10 என்றால் ஒரு மணி நேரச் சுற்று. 7.20க்குப் பார்த்த வண்டி 8.20க்கு வரும். மூன்று நாள் குறித்தால் பிடிபட்டுவிடும். ஞாயிறுக் கணக்கைத் தனியாக வையுங்கள்.

அது தவறினால் கோத்தகிரி பஸ்ஸில் ஏறுங்கள். பெட்ஃபோர்டு, சிம்ஸ் பார்க் வழியாகத்தான் போகிறது. ஏறுமுன் அங்கே நிற்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷேர் ஆட்டோ நேரம் பார்க்காது, ஆள் சேர்ந்தால்தான் நகரும். காலையில் மேலே போக சட்டென்று நிரம்பும். 11 மணி வாக்கில் ஒரே ஆளாக உட்கார்ந்து நான் அரை மணி நேரம் காத்திருக்கிறேன். டிரைவர் டீக்கடையில் இருந்தால் ஏறாதீர்கள். அப்புறம், சாயங்காலம் கடைசி ட்ரிப் எப்போது என்பதைக் காலையிலேயே கேட்டுவிடுங்கள்.