பிஷப் 1.5 காட்டினால் போதுமா?

கேள்வி: எங்கள் சாலைக் கரை 6 மீட்டர் உயரம், சரிவு 2.5-க்கு 1. கட்டி முடித்த பிறகு துளையிட்டுப் பார்த்ததில், கரைக்கு நேர் கீழே 30 செ.மீ. மென்களிமண் பட்டை இருப்பது தெரிந்தது. அதற்கும் கீழே கெட்டியான கிராவல். வட்டப் பரப்பு வைத்து பிஷப் முறையில் பாதுகாப்புக் காரணி 1.5 வருகிறது. ஆலோசகர் இரண்டு ஆப்பு முறையில் பார்க்கச் சொல்கிறார். அது அவசியமா?

பதில்: அவசியம்தான். உங்கள் 1.5 கணக்குப் பிழையால் வந்ததல்ல. தப்பான வடிவத்துக்குச் சரியாகப் போட்ட கணக்கு அது.

வட்டம் ஒரு மெல்லிய பட்டைக்குள் அதிக தூரம் போக முடியாது. 20 மீட்டர் ஆரமுள்ள வட்டம் பட்டையின் அடியைத் தொட்டு மேலே ஏறுகிறது என்று வையுங்கள். 30 செ.மீ. தடிமனுக்குள் அது கிடக்கும் நீளம் 2√(2 × 20 × 0.3), அதாவது ஏறக்குறைய 7 மீட்டர்தான். மீதி வழி முழுவதும் உறுதியான கரைமண்ணை வெட்டிக்கொண்டு போக வேண்டும். மண்ணுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. அது களிமண் மேலேயே கிடைமட்டமாக நழுவி, கரையின் அடிமுனை வழியாக வெளியேறிவிடும். ஸ்பெயினில் 1998-இல் அஸ்னால்கொய்யார் சுரங்கக் கழிவு அணையின் ஒரு பகுதி, அடியில் இருந்த களிமண் மேல் ஏறக்குறைய 60 மீட்டர் வரை முன்னே நகர்ந்தது இப்படித்தான்.

இனி உங்கள் கரை. கரைமண் எடை கன மீட்டருக்கு 19 கிலோநியூட்டன், உராய்வுக் கோணம் 32 பாகை, களிமண்ணின் வடியாத வெட்டு வலிமை 12 கிலோபாஸ்கல் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் சோதனை எண்கள் வேறாக இருந்தால் மாற்றிப் போடுங்கள். சாலையின் விளிம்பிலிருந்து நேர்கீழே ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். கோட்டுக்குப் பின்னால் இருப்பது தள்ளும் ஆப்பு. முன்னால், சரிவுக்கு அடியில் இருக்கும் முக்கோணம் தாங்கும் ஆப்பு. அது 15 மீட்டர் களிமண் மேல் உட்கார்ந்திருக்கிறது.

தாங்கும் விசை 12 × 15 = 180 கிலோநியூட்டன், ஒரு மீட்டர் நீளக் கரைக்கு. தள்ளும் விசை ரேங்கின் குணகம் 0.307-ஐ வைத்து ½ × 0.307 × 19 × 6² = 105. வகுத்தால் 1.71. பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். கரைமண்ணின் வலிமை முழுவதும் ஏற்கெனவே பயன்பட்டுவிட்டதாக வைத்துக்கொண்டு, களிமண்ணுக்கு மட்டும் காரணி கேட்கிற கணக்கு இது. பிஷப் எண்ணோடு ஒப்பிட வேண்டுமானால் இரண்டு மண்ணின் வலிமையையும் ஒரே காரணியால் குறைக்க வேண்டும். tan 32°-ஐ 1.31-ஆல் வகுத்தால் கோணம் 25.5 பாகைக்கு இறங்கும், தள்ளும் விசை 136-க்கு ஏறும். 180-ஐ 1.31-ஆல் வகுத்தாலும் கிட்டத்தட்ட அதே 137. ஆக, காரணி 1.31.

அந்தச் செங்குத்துக் கோடு விளிம்பில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. அதை இரண்டரை மீட்டர் அடிமுனைப் பக்கம் நகர்த்திப் போட்டேன். களிமண் நீளம் 12.5 மீட்டராகக் குறைந்தது, காரணி 1.27 வந்தது. இன்னும் முன்னே தள்ளினால் மறுபடி ஏறுகிறது. எனவே ஓர் இடத்தில் மட்டும் போட்டுப் பார்த்து முடிக்காதீர்கள். ஆப்புகளுக்கு இடையிலான விசையை நான் கிடைமட்டமாக வைத்திருக்கிறேன். அது கொஞ்சம் கடுமையான அனுமானம், சாய்த்து வைத்தால் காரணி சற்றுக் கூடும். மென்பொருளில் வட்டமல்லாத பரப்பைத் தேர்ந்தெடுத்து, அடிக்கோட்டைப் பட்டைக்குள்ளேயே கட்டிப்போட்டுத் தேடச் சொன்னால் இந்த வேலையை அதுவே செய்யும்.

1.27 என்றால் நாளைக்கே விழுந்துவிடும் என்றில்லை. ஆனால் வாகனப் பாரத்தை நான் இன்னும் சேர்க்கவில்லை. அதோடு, களிமண் வலிமை 12-க்குப் பதில் 9 ஆக இருந்தால் காரணி 1.1-ஐ ஒட்டி வந்துவிடும். அதனால் முதலில் அந்தப் பட்டையிலிருந்து நல்ல மாதிரி எடுங்கள். ஒன்றரை மீட்டருக்கு ஒருமுறை எடுக்கிற வழக்கமான மாதிரியில் 30 செ.மீ. பட்டை தப்பிவிடும், தொடர்ச்சியாக எடுக்க வேண்டும்.

தீர்வு என்று பார்த்தால், அடிமுனைக்கு வெளியே 5 மீட்டர் அகலத்தில் 2 மீட்டர் உயரத் திண்டு போடுவது எளிது. பட்டை அங்கேயும் தொடர்ந்தால், நழுவும் பாதையில் 60 கிலோநியூட்டன் கூடுகிறது, காரணி 1.5-ஐத் தொடுகிறது. பட்டையைத் தோண்டிக் கல் நிரப்புவதும் நல்ல வழிதான். ஆனால் தோண்டும்போது தாங்குகிற இடத்தையே எடுக்கிறோம், எனவே சிறு சிறு நீளமாக வெட்டி, ஒன்றை நிரப்பிய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும்.

அதுவரை சாலை விளிம்புக்கு இணையாக நீள விரிசல் வருகிறதா, அடிமுனையில் நட்ட முளைகள் வெளியே நகர்கின்றனவா என்று பாருங்கள். இன்க்ளினோமீட்டர் வைத்தால் குழாய் ஒரே ஆழத்தில், பட்டை இருக்கும் இடத்தில், வெடுக்கென்று மடியும். அப்படி மடிந்தால் முதலில் சாலையை மூடுங்கள், திண்டு வேலையை அப்புறம் பார்க்கலாம்.