கேரவனில் நேரம் மிச்சமாகாது, ஊரைக் குறையுங்கள்

கேள்வி: நான்கு நாள் விடுமுறையில் குடும்பத்தோடு கேரவன் எடுத்து மூணாறு, தேக்கடி, வாகமண், ஆலப்புழை எல்லாம் பார்த்துவிட முடியுமா? வண்டியிலேயே தூங்கிக்கொள்வதால் நேரம் மிச்சம்தானே?

மிச்சமாகாது. உங்கள் வீட்டிலும் பிள்ளைகளும் ஒரு பெரியவரும் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சொந்தமாக வண்டி வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுபவர்கள் மறுப்பார்கள். அவர்களுடைய பழக்கம் வேறு, ஆண்டுக்கு ஒருமுறை வாடகைக்கு எடுக்கும் நம் நிலை வேறு.

மூணாற்றிலிருந்து தேக்கடி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் அந்த வளைவுச் சாலையில் கேரவன் அதைவிட மெதுவாகத்தான் போகும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் வாந்தி எடுத்தால் இன்னும் தாமதம். போதாததற்கு, ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் பாத்திரங்களை அடுக்கி, அலமாரிகளைத் தாழிட்டு, சிலிண்டர் வால்வை மூடிக் கிளம்ப வேண்டும். போய்ச் சேர்ந்ததும் தண்ணீர் பிடித்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வண்டி சமமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தரை சற்றுச் சரிந்திருந்தால் தலை தாழ்ந்த பக்கம் படுத்தவருக்கு அன்றிரவு தூக்கம் இல்லை. இதற்கே நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

நாங்கள் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். பொள்ளாச்சி, உடுமலை, சின்னார் வழியாக மூணாற்றுக்கு முன்னால் வரும் மறையூர் போய், அந்த ஒரே ஊரில் தங்கினோம். சின்னார் காட்டுச் சாலையில் இரவில் வண்டிகளை விடுவதில்லை, வழியில் நிறுத்தவும் கூடாது என்பதால் மதியத்துக்குள் சோதனைச் சாவடியைக் கடப்பதாகத் திட்டம் வைத்துக்கொண்டோம். மறையூரில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவரிடம் முன்பே பேசி, அவர் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்த இடம், ஒரு குழாய், ஒரு பிளக் ஆகியவற்றை வாடகைக்குப் பெற்றிருந்தோம். சாலையோரத்தில் கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்கலாம் என்று காணொளிகளில் காட்டுவதை நம்பாதீர்கள்.

அந்தக் குழாயும் பிளக்கும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. எங்கள் வண்டித் தொட்டியில் 100 லிட்டர் பிடிக்கும்; நால்வர் சிக்கனமாகக் குளித்துப் பாத்திரம் கழுவினால் ஒரு நாளில் தீர்ந்துவிடும். கழிப்பறையின் அடியில் இருக்கும் கழிவுப் பெட்டி சுமார் 20 லிட்டர்தான், இரண்டு நாளில் நிறையும். அதைக் கொட்டக் கழிவறைத் தொட்டி உள்ள வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். ஓடையில் கொட்டுவது அநியாயம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏசி ஒரு மணி நேரம்கூட ஓடாது. மறையூர்க் குளிரில் அது தேவைப்படவில்லை.

காலையில் வண்டிக் கதவைத் திறந்தால் எதிரே கரும்புத் தோட்டம். பாலுக்கு வந்தவர்களும் பள்ளிக்குப் போகிறவர்களும் தமிழிலேயே பேசிக்கொண்டு நடந்தார்கள். என் மாமியார் ஏதோ சொந்த ஊருக்கு வந்தவர்போலப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி வெல்லம் காய்ச்சும் கொட்டகை ஒன்று இருந்தது. அகன்ற கொப்பரையில் சாறு ஊற்றி, காய்ந்த கரும்புச் சக்கையையே அடுப்பில் தள்ளி எரித்தார்கள். சுண்ணாம்பு சேர்த்ததும் அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வந்தது, அதை வழித்து வழித்து எறிந்தார்கள். பாகு பதத்துக்கு வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைசியில் பெரியவர் ஒருவர் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்து, "இறக்கலாம்" என்றார். மரத்தொட்டியில் கொட்டி ஆறவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் உருண்டை பிடித்தார்கள். மறையூர் வெல்லத்தின் மேல் விரல் தடம் தெரிவது இதனால்தான். அதற்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று அவர்களே பெருமையாகச் சொன்னார்கள். எந்த நேரமும் கைப்பேசியோடு இருக்கும் என் மகன் பதம் வரும்வரை அங்கிருந்து நகரவில்லை.

"வெல்லம் காய்ச்சுவதைப் பார்க்கவா இவ்வளவு வாடகை?" என்று ஊர் திரும்பியதும் என் நாத்தனார் கேட்டார். அவர் அதே விடுமுறையில் நான்கு ஊர்களைப் பார்த்தவர்; எந்த ஊரில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டால் கணவரைத் திரும்பிப் பார்க்கிறார்.

உங்களுக்கு மூணாறு பார்த்தே ஆக வேண்டுமென்றால் மறையூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான். கேரவனை முற்றத்திலேயே விட்டுவிட்டு, காலைப் பேருந்திலோ வாடகை ஜீப்பிலோ போய் மாலைக்குள் திரும்பிவிடுங்கள். தேக்கடியையும் வாகமணையும் இன்னொரு விடுமுறைக்கு வையுங்கள். ஆலப்புழைக்குக் கேரவனே வேண்டாம், பாலக்காட்டிலிருந்து ரயில் இருக்கிறது.